பிலவ வருஷத்துக் கும்பா

அறுநூறு ரூபாய் என்று பதில் வந்தது. அதையும் மனுஷன் சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டு எழுதியிருந்தார். பித்தளை 850 கிராம், கிலோ ஐந்நூறு வீதம் 425. பழமைக்காக 175. ஆக 600. பார்சல் செலவு தங்களுடையது.

அந்த 175தான் என்னைக் குத்தியது. எங்கள் வீட்டுக் கணக்கில் அந்தக் கும்பாவுக்கு வயது நூற்றிருபதுக்கு மேல். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஒன்றரை ரூபாய்கூட வரவில்லை. முழுக்க இரும்புக் கடைக்காரராகவே நடந்துகொண்டு 425 என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். பழமைக்கு மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று தட்டில் சில்லறை போட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

வாங்குபவர் சென்னையில் பழம்பொருள் வியாபாரம் செய்கிறவர். நான் கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன். பரண் சுத்தம் செய்தபோது கிடைத்த கும்பாவைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தேன். அதில் ஒரு விபத்து நடந்துவிட்டது. இறக்கி வைத்தபோது கும்பா கறுப்பும் பழுப்புமாக, அடிப்பாதத்தின் இடுக்கில் பச்சைக் களிம்போடு, பார்த்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் கோலத்தில் இருந்தது. "வெளிச்சம் போதவில்லை, காலையில் எடுத்துக்கொள்ளலாம்" என்று தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால் கிணற்றடியில் தகதகவென்று தங்கம் மாதிரி கவிழ்ந்து கிடக்கிறது. அம்மா புளியும் சாம்பலும் போட்டு ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணின?"

"அழுக்கோட படம் புடிச்சி ஊருக்கெல்லாம் அனுப்புவியா? இந்த வீட்டுல பாத்திரம் வெளக்க ஆளில்லன்னு நெனைக்கமாட்டான் அவன்?"

புளியில் இருக்கும் அமிலம் செம்பு, துத்தநாகத்தின் மேல் காலம் படிய வைத்த தோலைக் கரைத்துவிடும். அந்தத் தோலைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வயதை மட்டுக்கட்டுகிறார்கள். அம்மா ஒரு மணி நேரத்தில் கும்பாவைச் சின்னப்பெண்ணாக்கிவிட்டாள். வியாபாரியின் முதல் பதில் இரண்டே சொல்: "புதுசா சார்?"

ஆகவே விலையோடு வந்த அடுத்த பதிலுக்கு ஒரு மறுப்பு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். கையில் இருந்த பெரிய ஆதாரம் கும்பாவின் வாய்க்குக் கீழே ஓடும் எழுத்து. புள்ளி புள்ளியாக உளி வைத்துத் தட்டிய ஒரே வரி அது: "பிலவ ௵ ஆவணி ௴ வெள்ளிமலை பலம் ௨௰௫." ௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம், ௨௰௫ என்றால் இருபத்தைந்து. வெள்ளிமலை எங்கள் கல்வராயன் மலைமேல் இருக்கும் ஊர். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறுமே, அந்த வெள்ளிமலைதான்.

முதலில் சித்தப்பாவிடம் போனேன். எங்கள் குடும்பத்தின் வாய்மொழி வரலாற்றுத் துறை அவர் பொறுப்பில் இருக்கிறது. கும்பா ஜாகீர்தார் வீட்டில் இருந்து வந்தது என்றார். கல்வராயன் மலையை ஒருகாலத்தில் மூன்று ஜாகீர்தார்கள் வைத்திருந்தார்கள், 1970களில்தான் மலை முழுசாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது என்பதெல்லாம் உண்மை. கடுக்காய், புளி வியாபாரத்துக்கு மலை ஏறிய எங்கள் பாட்டனாருக்கு ஜாகீர்தாரே கூப்பிட்டுக் கும்பா கொடுத்தார் என்பதற்கு மட்டும் சித்தப்பாவைத் தவிர சாட்சி இல்லை. "அதுவும் பித்தளை இல்லடா, சுத்த வெண்கலம்" என்று கடைசியில் ஒரு போடு போட்டார்.

இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும்; வெண்கலம் செம்பும் தகரமும். பித்தளை தண்ணீரைப் போல ஏறக்குறைய 8.4 மடங்கு கனம், வெண்கலம் 8.7 மடங்குக்குக் கிட்டே. சமையலறைத் தராசில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கும்பாவை நூலில் கட்டி அடியில் தட்டாமல் முழுக விட்டால், தராசு எத்தனை கிராம் கூடக் காட்டுகிறதோ அத்தனை மில்லிலிட்டர்தான் கும்பாவின் உடம்பு. 850ஐ அதனால் வகுத்தால் தீர்ப்பு.

முதல் முறை 98 காட்டியது. வகுத்தால் 8.67, வெண்கலம். சித்தப்பா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இரண்டாம் முறை 101. அதாவது 8.42, அசல் பித்தளை. மூன்றாம் முறை 103 வந்தது. அந்தக் கணக்குப்படி கும்பா இரண்டுமே இல்லை. பிறகுதான் பார்த்தேன், அடிப்பாதத்தின் உள்வளையத்தில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் முறையோ கும்பாவின் விளிம்பு தண்ணீருக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கிறது. பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் மொத்த வித்தியாசமே நாலு கிராம்; என் கை நடுக்கமே அவ்வளவு இருக்கும். ஆர்க்கிமிடீஸ் கையில் கிரீடம் கொடுத்ததால் பிழைத்தார், கும்பா கொடுத்திருந்தால் தொட்டியிலேயே உட்கார்ந்திருப்பார்.

விஷயத்தைத் தீர்த்து வைத்தது தராசு இல்லை. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். இளவயதில் பாத்திரங்களில் பேர் வெட்டிக்கொண்டிருந்தவர். கும்பாவை வாங்கியதும் எழுத்தைப் பார்க்கவே இல்லை. விளிம்பில் இருந்த ஒரு நசுங்கலைக் கட்டைவிரலால் தடவினார். அரைநிலா வடிவத்தில் உள்ளே போயிருந்த பழைய அடி அது.

"வெண்கலக் கும்பா கீழ வுழுந்தா நசுங்காது தம்பி, விரிசல் வுட்டுடும். இது நசுங்கியிருக்கு. பித்தளை." பிறகு விரல்நுனியில் நிறுத்திச் சுண்டினார். டங் என்று ஆரம்பித்து உடனே அடங்கியது. வெண்கலம் என்றால் நாம் ஒரு வெற்றிலை போடும்வரை பாடும் என்றார். உள்பக்கம் வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்ததையும் காட்டினார். ஈயப் பூச்சு. புளிப்பு பட்டால் பித்தளை களிம்பேறும் என்றுதான் அதற்கு ஈயம் பூசுவது.

சித்தப்பா அன்றிலிருந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பெரியவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி பாக்கி இருந்தது. எழுத்து பழசா, பிற்பாடு யாராவது வெட்டியதா? அவர் என் சுட்டுவிரலைப் பிடித்து நகத்தை அந்தப் புள்ளிகளின்மேல் இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்தில் இருந்த புதுச் சொம்பு ஒன்றில், ஏதோ கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் பேர் வெட்டியது, அதில் இழுத்தார். நகம் ஒவ்வொரு புள்ளியிலும் தடுக்கியது. உளி இறங்கும்போது குழியைச் சுற்றி உலோகம் உதடு மாதிரி எழும்பும். அந்த உதடு தேய்ந்து மழுங்க பல ஆண்டு விளக்க வேண்டும். எங்கள் கும்பாவில் விளிம்பின் நிழலில் இருக்கும் எழுத்து ஆழமாகவும், வயிற்றுப்பக்கம் இறங்கும் "வெள்ளிமலை"யின் வால் கிட்டத்தட்ட மறைந்தும் இருக்கிறது. விளக்குகிற கை வயிற்றில்தானே அதிகம் அழுத்தும்? தேய்மானம் எழுத்துக்குப் பிறகு வந்திருக்கிறது. தேய்ந்த பாத்திரத்தில் பிற்பாடு வெட்டிய எழுத்து என்றால் எல்லாப் புள்ளியும் ஒரே ஆழத்தில் இருக்கும்.

இவ்வளவும் கையில் வந்ததும் எழுதினேன். முக்கியமான பகுதி இது:

"ஐயா, கும்பா பித்தளைதான் என்ற தங்கள் கருத்தை ஏற்கிறேன். ஜாகீர்தார் கதையை நான் எழுப்பவில்லை. ஆனால் வயதைப் பற்றி மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டுகிறேன். ஒன்று, 'வெள்ளிமலை'யில் உள்ள 'லை' யானைத் தும்பிக்கை போட்ட பழைய எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. இரண்டு, எடை பலத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு பலம் சுமார் 35 கிராம், 25 பலம் என்றால் 875 கிராம். இன்று மளிகைக் கடைத் தராசில் 850. குறைந்த 25 கிராம் எங்கள் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக விளக்கியதில் போனது. மூன்று, பிலவ வருஷம் என்பது 1901ஆம் ஆண்டு. எனவே தங்கள் 175 ரூபாயை மறுபரிசீலனை செய்யவும்."

ஒன்பது படங்களை இணைத்தேன். போகவில்லை. 25 எம்பிக்கு மேல் ஜிமெயில் சுமக்காதாம். இரண்டு மின்னஞ்சலாகப் பிரித்து அனுப்பினேன். மனசுக்குள் கும்பாவின் விலை ஏற்கனவே ஐந்தாயிரத்தைத் தொட்டிருந்தது.

பதில் மறுநாளே வந்தது. அவருக்கு வியாபாரம் இல்லாத நாள் போலிருக்கிறது, நிதானமாக எழுதியிருந்தார். "சார், தமிழ் வருஷம் அறுபது. சுத்திச் சுத்தி வரும். 1901 பிலவ. 1961 பிலவ. 2021கூட பிலவதான், அதை நான் பெரிய மனசோட விட்டுடறேன். தும்பிக்கை லை 1978க்கு முந்தினதுன்னா 1961ம் அதுக்கு முந்தினதுதான். பலம் கணக்கும் அப்படியே. மெட்ரிக் எடை கட்டாயமானது 1962 ஏப்ரல். ஆவணி 1961ல கடைக்காரர் பலத்துலதான் நிறுத்திருப்பார். தேய்மானத்துக்கு அறுபது வருஷமே போதும், உங்க அம்மா வெளக்கின படத்தைப் பார்த்தேன். 1961ன்னு வெச்சுதான் 175 போட்டேன்."

ஏழு மாதம்! ஆவணிக்கும் அடுத்த ஏப்ரலுக்கும் நடுவே இருக்கும் ஏழு மாதத்தில் என் வாதம் முழுக்க விழுந்துவிட்டது. நம் முன்னோர்கள் அறுபதுக்கு அறுபது பெயர் வைத்துவிட்டு, எத்தனையாவது சுற்று என்பதற்கு ஓர் எண் போடாமல் போனார்களே என்று வயிறு எரிந்தது. ஊர்க் கல்வெட்டுகளை ஆராய்கிறவர்களுக்கும் இதே தலைவலிதான். வருஷப் பெயர் மட்டும் இருந்து, ராஜா பெயரோ சக வருஷமோ இல்லாவிட்டால், பக்கத்தில் வேறு ஏதாவது ஓர் ஆதாரத்தைத் தேடித்தான் சுற்றை முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு அந்த வேறு ஆதாரத்தைக் காட்டிக்கொடுத்தது வீரசோழபுரம். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். அங்கே சிவன் கோயிலில் இருந்த சுந்தரர், பரவை நாச்சியார் செப்புத் திருமேனி காணாமல் போய், அமெரிக்காவில் வாஷிங்டன் அருங்காட்சியகம் வரை போய் நின்றது. அது இந்தக் கோயிலுடையதுதான் என்று நிலைநாட்ட உதவியது பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, ஒரு புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1956இல் கோயிலுக்கு வந்து எடுத்து வைத்த கறுப்பு வெள்ளைப் படம். அந்தத் தேதியில் இந்தப் பொருள் இந்த இடத்தில் இருந்தது என்று ஒரு படம் சொல்லிவிட்டால் அதற்குமேல் வாதம் எதற்கு? அருங்காட்சியகமும் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

எங்கள் கும்பாவை எந்தப் பிரெஞ்சுக்காரர் படம் எடுத்தார்? யாரும் இல்லை. ஆனால் தாத்தா பாட்டி கல்யாணத்தில் ஒருவர் கேமராவோடு வந்திருந்தார்.

அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில், அந்தக் காலத்து அட்டை ஆல்பம். அதோடு மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையும் கிடைத்தது: விளம்பி வருஷம் தை மாதம், பக்கத்திலேயே 1959 என்று இங்கிலீஷ் ஆண்டும் போட்டு. அச்சகத்துக்காரருக்குக் கோயில் கட்டலாம். ஆல்பத்தில் ஐந்தாவது படம் சீர்வரிசை. பாயின்மேல் அண்டா, தவலை, குத்துவிளக்கு, சொம்பு, அவற்றுக்கு முன்னால் ஒரு கும்பா. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். எழுத்து தெரியவில்லை. ஆனால் விளிம்பில் இடதுபக்கம், வெளிச்சம் விழுந்த இடத்தில், அரைநிலா நசுங்கல்.

நான் கத்திய கத்தலில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

கும்பாவை அதே கோணத்தில், அதே மாதிரி பாய் விரித்து வைத்து, ஜன்னல் வெளிச்சம் இடதுபக்கம் இருந்து விழும்படி ஒரு படம் எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். நசுங்கலின் அகலம் வாய் அகலத்தில் எட்டில் ஒரு பங்கு, இரண்டு படத்திலும் அப்படியே. `kumba_final_final.jpg` என்று பெயர் வைத்து அனுப்பினேன். கூடவே எழுதினேன்:

"ஐயா, 1959 தை மாதம் சீர்வரிசையில் அடிபட்ட நிலையில் அமர்ந்திருக்கும் கும்பா, 1961 ஆவணியில் செய்யப்பட்டிருக்க இயலாது. எழுத்து மட்டும் பிற்பாடு வெட்டியது என்பீர்களானால், 1961இல் எங்கள் குடும்பம் மலையை விட்டு இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. வெள்ளிமலை என்று வெட்டிக்கொள்ளக் காரணம் இல்லை. எனவே பிலவ ஆவணி என்பது 1901 ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

அனுப்பிவிட்டு, பத்தாயிரம் கேட்கலாமா, எட்டில் இறங்கலாமா என்று யோசித்துக்கொண்டு இரண்டு நாள் போனது. சித்தப்பாவும் சமாதானமாகி வந்து, "ஜாகீர்தார்தான் சீர் குடுத்தாரு" என்று கதையைப் புதுத் தேதிக்கு ஏற்ப மாற்றி வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பதில்.

"சார், படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். நசுங்கல் அதேதான். 1901ன்னு முழு மனசோட ஒத்துக்கறேன். இவ்வளவு சுத்தமா ஆதாரம் குடுத்தவங்களை நான் இந்தத் தொழில்ல பார்த்ததில்ல. அதனாலயே வாங்க முடியாத நிலைமை. 1972 தொல்பொருள் சட்டத்துல, கைவினைப் பொருள் நூறு வருஷம் தாண்டிட்டா தொல்பொருள். அதை வாங்கி விக்கிறதுக்கு லைசென்ஸ் வேணும். என்கிட்ட இல்ல. வெளிநாட்டுக்கும் அனுப்பக் கூடாது. சமையல் பாத்திரத்தையெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்கன்னு சிலர் சொல்வாங்க. ஆனா தேதி போட்டு ஒம்போது படத்தோட மின்னஞ்சல் என் பெட்டியில கெடக்குது. நாளைக்கு யாராவது கேட்டா, தெரியாதுன்னு நான் எப்படிச் சொல்றது? 1961ன்னு நீங்க விட்டிருந்தா தொள்ளாயிரம் வரைக்கும் ஏறியிருப்பேன். வீட்டுல வெச்சிக்கறதுல உங்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. நல்ல பொருள் சார்."

இதை மூன்று முறை படித்தேன். அறுநூறும் போய், கண்ணால் பார்க்காத தொள்ளாயிரமும் போயிருந்தது. நூறு வருஷத்துக்குக் கீழே இருந்தால் விலை இல்லை, மேலே போனால் வாங்க ஆள் இல்லை. லைசென்ஸ் உள்ள வியாபாரிகளுக்கு எழுதலாம். அவர்கள் தேடுவது விக்கிரகமும் ஓவியமும், கூழ் குடித்த கும்பா இல்லை என்று பாத்திரக்கடைப் பெரியவர் ஏற்கனவே சொல்லியிருந்தார்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தொள்ளாயிரம் கண்முன்னால் நின்றது. மெதுவாக அடிக்க ஆரம்பித்தேன்.

"ஐயா, சென்ற மின்னஞ்சலில் சற்று அவசரப்பட்டுவிட்டேன் என்று கருதுகிறேன். கல்யாணப் படத்தில் உள்ள நசுங்கலை மீண்டும் ஆராய்ந்ததில், அது கேமராவின் நிழலாகவும் இருக்கலாம். கறுப்பு வெள்ளையில் ஒரு கும்பா மாதிரி இன்னொரு கும்பா தெரிவது இயல்பே. பலம் கணக்கு 1962 வரை நடைமுறையில் இருந்தது என்ற தங்கள் வாதம் மிகவும் வலுவானது..."

"என்னா எழுதற?" பின்னால் அம்மா. கையில் வெந்நீர்ச் சொம்பு.

சொன்னேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"எங்க மாமியார் சீர்ல வந்த கும்பாவ, வேற எவன் வூட்டுக் கும்பாவோன்னு எழுதறியா? முந்நூறு ரூவா கூட வரும்னா?"

"இல்லம்மா, அவர்தான்…"

அவள் கேட்க நிற்கவில்லை. மேசைமேல் இருந்த கும்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். உள்ளே பழையதில் நீர் ஊற்றும் சத்தம். கும்பாவில் ஊற்றவில்லை, பக்கத்தில் எவர்சில்வரில்தான். அங்கிருந்தே குரல் வந்தது:

"தெருவுல ஈயம் பூசறவன் வந்தான்னா நிறுத்தி வை. உள்ள பூச்சு போயிருக்கு. அப்புறந்தான் இதுல ஊத்தணும்."